கனடா பி.ஆர் வேற, குடியுரிமை வேற: 730-க்கும் 1,095-க்கும் நடுவுல உங்க நாள்கணக்கு எங்க நிக்குது?

கனடா பற்றி நம்ம சேனல்ல எந்த வீடியோ போட்டாலும் கீழே ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "பி.ஆர் வாங்கி மூணு வருஷம் ஆச்சு, இப்போ சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாமா?"

இதுக்கு ஆமாம்னோ இல்லைன்னோ ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. ஏன்னா பி.ஆர் கிடைச்சு எத்தனை வருஷம் ஆச்சுங்கறதை கனடா அரசு எண்ணுறதில்லை. அந்த வருஷங்கள்ல எத்தனை நாள் நீங்க உடம்போட கனடா மண்ணுல இருந்தீங்கங்கறதைத்தான் எண்ணுது. மூணு வருஷம் முடிஞ்சிருந்தும் நாள் பத்தாம நிக்கிறவங்க நிறைய பேர். ஊர்ல அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கல்யாணம், கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பிச்சிடுச்சு, இப்படி ஒவ்வொண்ணும் நியாயமான காரணம்தான். ஆனா நாள்கணக்குக்கு காரணம் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

இந்தப் பதிவுல கனடாவை மட்டும் எடுத்துக்கறேன். ஒரே ஒரு ஆளோட பயணத் தேதிகளை வச்சு கடைசி வரைக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பார்த்த பிறகு உங்க கணக்கை நீங்களே போட்டுக்கலாம்.

ரெண்டு மீட்டர் ஓடுது

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். பி.ஆர் கையில வந்த நாள்ல இருந்து உங்களுக்கு ரெண்டு மீட்டர் தனித்தனியா ஓடிட்டு இருக்கு.

முதல் மீட்டர், பி.ஆரைத் தக்க வச்சுக்கறதுக்கு. அஞ்சு வருஷத்துல குறைஞ்சது 730 நாள், அதாவது ரெண்டு வருஷத்துக்கு சமமான நாள். இது தொடர்ச்சியா இருக்கணும்னு இல்லை, விட்டு விட்டு இருந்தாலும் போதும். பி.ஆர் வாங்கி அஞ்சு வருஷம் ஆகாதவங்களுக்கு ஒரு சலுகை உண்டு. முதல் அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள 730 நாளை எட்ட முடியும்னு காட்டினா போதும். அஞ்சு வருஷம் தாண்டினவங்களுக்கு, அதிகாரி எந்த நாள்ல கேட்கிறாரோ அந்த நாளுக்கு முந்தைய அஞ்சு வருஷத்தைப் பார்ப்பாங்க.

ரெண்டாவது மீட்டர், குடியுரிமைக்கு. விண்ணப்பத்துல கையெழுத்து போடுற தேதிக்கு முந்தைய அஞ்சு வருஷத்துல 1,095 நாள். மூணு தடவை 365, அவ்வளவுதான். 2017 அக்டோபர் 11-க்கு முன்னாடி இதே விதி ஆறு வருஷத்துல 1,460 நாள்னு இருந்துச்சு. பழைய பதிவுகளைப் படிச்சுட்டு "நாலு வருஷம் வேணுமாமே"ன்னு இன்னும் சிலர் கேட்கிறது அதனாலதான்.

ரெண்டுமே அஞ்சு வருஷ ஜன்னல்தான். ஆனா ரெண்டு ஜன்னல் வழியாவும் ஒரே நாள் ஒரே மாதிரி தெரியாது. குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

எந்த நாள் எதுல சேரும்?

பி.ஆர் கிடைக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஸ்டடி பெர்மிட்லயோ ஒர்க் பெர்மிட்லயோ கனடாவுல இருந்திருப்பீங்க. அந்த நாட்கள் குடியுரிமை மீட்டர்ல அரை நாளா சேரும். அதிகபட்சம் 365 நாள் வரைக்கும்தான் இப்படி சேர்க்க முடியும், அதாவது 730 நாள் தங்கினதுக்கு 365. பி.ஆர் மீட்டர்ல அந்த நாட்களுக்கு மதிப்பே கிடையாது. பி.ஆர் ஆன நாள்ல இருந்துதான் 730 கணக்கு தொடங்கும்.

தலைகீழா இன்னொரு வகை நாளும் இருக்கு. கனடா குடிமகனான கணவரோடவோ மனைவியோடவோ வெளிநாட்டுல சேர்ந்து வாழ்ந்த நாட்கள் பி.ஆர் மீட்டர்ல சேரும். கனடா நிறுவனம் ஒண்ணு உங்களை முழுநேர ஊழியரா வெளிநாட்டுக்கு அனுப்பி வச்ச நாட்களும் சேரும். ஆனா இந்த நாட்கள் குடியுரிமை மீட்டர்ல சேராது. அங்க நீங்க கனடாவுக்குள்ள இருந்தீங்களா இல்லையாங்கறது மட்டும்தான் கேள்வி.

பயண நாளை எப்படி எண்ணுறதுன்னு பலருக்கு சந்தேகம். கிளம்பின நாளும் திரும்பி வந்த நாளும் ரெண்டுமே கனடாவுல இருந்த நாளாத்தான் கணக்கு. நடுவுல இருக்கிற முழு நாட்கள் மட்டும்தான் கழியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டொராண்டோவுல இருந்து காரை எடுத்துட்டு பஃபலோ போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்தீங்கன்னா, கழியறது சனிக்கிழமை ஒரு நாள்தான். காலைல போயிட்டு ராத்திரி வந்துட்டா எதுவுமே கழியாது.

கார்த்திக்கோட கணக்கு

இப்போ ஒரு உதாரணம். மதுரைக்காரர் ஒருத்தர், பேரு கார்த்திக்னு வச்சுக்குவோம். டொராண்டோவுல சாஃப்ட்வேர் வேலை.

ஒர்க் பெர்மிட்ல கனடா வந்து இறங்கினது 2021 ஜனவரி 10. முதல் வருஷம் எங்கயும் போகலை. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2022 ஜனவரி 10 அன்னைக்கு பி.ஆர் ஆயிடுச்சு. அந்த வருஷ டிசம்பர் 15 அன்னைக்கு ஊருக்குக் கிளம்பி, பொங்கலை ஒட்டி 2023 ஜனவரி 15 டொராண்டோ திரும்பினார். கிளம்பின நாள், வந்த நாளை விட்டுட்டா 30 நாள் வெளியில.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். 2024 பிப்ரவரி 1 கிளம்பினார். அப்பா எழுந்து நடமாடுற வரைக்கும் கூடவே இருந்துட்டு நவம்பர் 30 அன்னைக்குத்தான் திரும்பினார். எண்ணிப் பாருங்க, 302 நாள்.

2025 ஜனவரி 10 வந்துச்சு. பி.ஆர் வாங்கி சரியா மூணு வருஷம். அப்ளை பண்ணலாமா?

2022 ஜனவரி 10-ல இருந்து 2025 ஜனவரி 9 வரைக்கும் மொத்தம் 1,096 நாள் (2024 லீப் வருஷம், அதனால ஒரு நாள் கூடுதல்). இதுல வெளியில இருந்தது 30-ம் 302-ம் சேர்த்து 332. மிச்சம் 764. பி.ஆருக்கு முந்தைய 365 நாளை அரை நாளாக்கினா 182.5. ஆக மொத்தம் 946.5 நாள். தேவை 1,095. இன்னும் 148.5 நாள் குறையுது.

அன்னைக்கு அவர் விண்ணப்பம் போட்டிருந்தா தேறியிருக்காது. "அப்பாவுக்கு ஆபரேஷன், அதான் போனேன்"னு ஆஸ்பத்திரி சீட்டை வச்சாலும் அந்த 302 நாளை இந்தக் கணக்குல சேர்த்துத் தரமாட்டாங்க. பரிசீலனை தொடங்கிட்டா கட்டின பரிசீலனைக் கட்டணமும் திரும்ப வராது.

அதே நாள்ல அவரோட பி.ஆர் மீட்டரைப் பாருங்க. 764 நாள். 730-ஐத் தாண்டிட்டாரு. முதல் அஞ்சு வருஷத்துக்கான கடமை முடிஞ்சே போச்சு. அதாவது ஒரே ஆள், ஒரே தேதி. பி.ஆர் பத்திரம், குடியுரிமைக்குத் தகுதி இல்லை.

சரி, இனிமே எங்கயும் போகாம கனடாவுலயே இருந்தா எப்போ தகுதி வரும்? இன்னும் 149 நாள். 2025 ஜூன் 7 முடியறப்போ மொத்தம் 1,095.5. ஜூன் 8 அன்னைக்கு விண்ணப்பம் போடலாம். 2025 ஜனவரியில இருந்து பார்த்தா இன்னும் அஞ்சு மாசக் காத்திருப்புதான் விலை. இது தாங்கக்கூடிய விலை. உண்மையான அடி அடுத்து வரப்போற முடிவுலதான் இருக்கு.

"ரெண்டு வருஷம் சென்னை ஆபீஸ் போயிட்டு வா"

அதே 2025 ஜனவரில கார்த்திக்கோட மேனேஜர் ஒரு வாய்ப்பைக் கொண்டு வர்றார். சென்னையில புது டீம், ரெண்டு வருஷ போஸ்டிங், சம்பளம் கனடா கம்பெனியே தரும். அப்பா பக்கத்துல இருக்கலாம், செலவும் கம்மி. கார்த்திக் மனசுக்குள்ள போடுற கணக்கு இதுதான்: "இன்னும் 149 நாள்தானே பாக்கி? ரெண்டு வருஷம் கழிச்சு வந்து அந்த 149 நாளை இருந்துட்டு அப்ளை பண்ணிக்கலாம்."

இந்தக் கணக்கு தப்பு. எவ்வளவு தப்புன்னு பார்ப்போம்.

2025 ஜனவரி 9 கிளம்பி, 2027 ஜனவரி 10 திரும்பி வர்றார்னு வச்சுக்குவோம். வந்து இறங்குற அன்னைக்கு குடியுரிமை ஜன்னல் 2022 ஜனவரி 10-ல இருந்துதான் ஆரம்பிக்கும். 2021 முழுசும் ஜன்னலுக்கு வெளியே போயிடுச்சு. ஒர்க் பெர்மிட்ல இருந்த ஒரு வருஷத்துக்குக் கிடைச்ச 182.5 நாள் காலி. கையில இருக்கிறது பழைய 764 மட்டும்.

"சரி, 331 நாள்தானே குறையுது, பதினோரு மாசம் இருந்தா போச்சு"ன்னு தோணும். அதுவும் நடக்காது. ஏன்னா ஜன்னல் தினமும் ஒரு நாள் நகருது. 2027-ல அவர் கனடாவுல ஒரு நாள் இருந்தா முன்பக்கம் ஒரு நாள் சேரும். அதே சமயம் பின்பக்கம் 2022-ல ஒரு நாள் உதிரும். 2022-ல அவர் கனடாவுல இருந்தவர், அதனால உதிர்றதும் நல்ல நாள்தான். ஒண்ணு வரவு, ஒண்ணு செலவு. 2027 டிசம்பர் வரைக்கும் கார்த்திக் டொராண்டோவை விட்டு நகராம இருந்தாலும் அவர் மீட்டர் 764-லயே நிக்கும். ஈ.எம்.ஐ கட்டிட்டே இருக்கோம், அசல் மட்டும் குறைய மாட்டேங்குதுன்னு நினைச்சுப் பாருங்க, அந்த மாதிரி.

மீட்டர் எப்போ ஏறும்னா, பின்பக்கம் உதிர்ற நாள் அவர் வெளியில இருந்த நாளா இருக்கும்போது மட்டும்தான். 2022 டிசம்பர் பயணம் உதிரும்போது 30 நாள் ஏறும். அப்புறம் 2028 முழுக்க லீப் நாள் ஒண்ணைத் தவிர எதுவும் ஏறாது. 2024-ல அப்பாவுக்காகப் போன அந்த 302 நாள் ஜன்னலை விட்டு உதிர ஆரம்பிக்கிறது 2029 பிப்ரவரிலதான். அங்க இருந்து ஒவ்வொரு நாளா ஏறி, 1,095-ஐத் தொடறது 2029 நவம்பர் கடைசியில.

நேரா எண்ணியும் சரிபார்த்துடலாம். 2029 நவம்பர் 30 அன்னைக்கு விண்ணப்பம்னா ஜன்னல் 2024 நவம்பர் 30-ல ஆரம்பிக்குது. சென்னை போறதுக்கு முன்னாடி 41 நாள். திரும்பி வந்த பிறகு 2027-ல 356, 2028-ல 366, 2029-ல நவம்பர் 29 வரைக்கும் 333. கூட்டினா 1,096. சரியா இருக்கு.

ஆக, இருந்திருந்தா 2025 ஜூன். போயிட்டு வந்தா 2029 நவம்பர். ரெண்டு வருஷம் வெளியில இருந்ததுக்கு விலை ரெண்டு வருஷம் இல்லை, கிட்டத்தட்ட நாலரை வருஷம். ஜூன் வரைக்கும் போஸ்டிங்கைத் தள்ளிப்போட்டு, விண்ணப்பத்தைப் போட்டுட்டுக் கிளம்பியிருந்தா இந்தக் கதையே வேற. அஞ்சு மாச வித்தியாசம்தான்.

இந்தக் கணக்குல இருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணு. நீண்ட பயணத்தை முடிவு பண்றப்போ "இன்னும் எத்தனை நாள் பாக்கி?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "நான் வெளியில இருக்கிற நேரத்துல பின்பக்கம் எந்த நாட்கள் உதிரும்?"னு கேளுங்க. உங்க நல்ல நாட்கள் ஜன்னலோட பழைய முனையில கிடந்தா, போயிட்டு வர்றதுக்குள்ள அவ்வளவும் போயிடும்.

இந்த நேரத்துல அவர் பி.ஆர் என்ன ஆகும்?

கார்த்திக் 764 நாளோட போயிருக்கார். 2027 ஜனவரி 10 வரைக்கும் கவலை இல்லை. அதுக்கப்புறமும் அவர் திரும்பாம இருந்தா தினம் ஒரு நாள் உதிரும். 34 நாள்தான் கையிருப்பு. 2027 பிப்ரவரி 14 அன்னைக்கு 729-க்கு இறங்கிடுவார்.

இங்க ஒரு கேள்வி வரும். கம்பெனிதானே அனுப்பிச்சது, அந்த நாட்கள் பி.ஆர் மீட்டர்ல சேரும்னு மேல சொன்னோமே? சேரும், ஆனா நிபந்தனை இருக்கு. நிறுவனம் கனடாவுல உண்மையா நடக்கிற நிறுவனமா இருக்கணும், உங்க பி.ஆரைக் காப்பாத்தவே தொடங்கின பேப்பர் கம்பெனியா இருக்கக்கூடாது. வேலை முழுநேரமா இருக்கணும். நிறுவனம் உங்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பி வச்சிருக்கணும். முடிஞ்ச பிறகு கனடாவுக்குத் திரும்புறதா ஏற்பாடு இருக்கறதும் பார்க்கப்படும். நாமளே கேட்டு வாங்கி ஊர்ல உட்கார்ந்து வீட்ல இருந்து வேலை பார்த்தாலோ, சென்னைக் கிளையில நேரா வேலைக்குச் சேர்ந்தாலோ அது "அனுப்பி வச்சது" ஆகிறது கஷ்டம். அதனால போஸ்டிங் கடிதத்துல தொடங்குற தேதி, முடியற தேதி, திரும்பி வந்து சேர்ற பதவி மூணும் எழுத்துல இருக்கணும்னு கேட்டு வாங்குங்க.

730 குறைஞ்சுட்டா அன்னைக்கே பி.ஆர் தானா பறந்துடாது. அதிகாரபூர்வமா ஒரு முடிவு எடுத்தாத்தான் போகும். அந்த முடிவு பெரும்பாலும் ரெண்டு இடத்துல வரும். ஒண்ணு, ஏர்போர்ட்ல எல்லை அதிகாரி நாள்கணக்கைக் கேட்டு, பத்தலைன்னா அறிக்கை எழுதறது. ரெண்டு, கார்டு காலாவதியாகி வெளிநாட்டுல மாட்டிக்கிட்டு, திரும்பி வர்றதுக்குப் பயண ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது மறுக்கறது. ரெண்டுக்கும் மேல்முறையீடு உண்டு. கனடாவுக்குள்ள வெளியேற்ற உத்தரவு வந்தா 30 நாளுக்குள்ள, வெளிநாட்டுல பயண ஆவணம் மறுக்கப்பட்டா 60 நாளுக்குள்ள போடணும். பெற்றோர் உடல்நிலை மாதிரியான மனிதாபிமானக் காரணங்களை இங்க கேட்பாங்க. அதனால ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, பில்லு எல்லாம் பத்திரமா இருக்கட்டும். குடியுரிமைக் கணக்குல உதவாத அந்தக் காகிதம் பி.ஆர் விஷயத்துல உதவலாம்.

பி.ஆர் கார்டு பற்றியும் ஒரு வார்த்தை. கார்டுல 2027-னு இருந்தா "அதுவரைக்கும் பி.ஆர் இருக்கு"ன்னு அர்த்தம் இல்லை. கார்டு காலாவதி ஆனா பி.ஆர் போயிடுச்சுன்னும் அர்த்தம் இல்லை. கார்டு வெறும் பயணச்சீட்டு மாதிரி. உங்க நிலையைத் தீர்மானிக்கிறது நாள்கணக்குதான்.

பாஸ்போர்ட் முத்திரையை நம்பாதீங்க

கனடா ஏர்போர்ட்ல இப்போ பெரும்பாலும் மெஷின்லயே வேலை முடிஞ்சுடுது, பாஸ்போர்ட்ல முத்திரை விழறதில்லை. நாலு வருஷம் கழிச்சு "எந்தத் தேதி போனேன்?"னு யோசிச்சா ஞாபகம் வராது. ஆனா அவங்ககிட்ட விவரம் இருக்கு. 2020-ல இருந்து விமானத்துல கனடாவை விட்டு வெளியேறுற தேதியும் எல்லைச் சேவை முகமைக்குப் போகுது. உங்க விண்ணப்பத்துல எழுதின தேதியும் அவங்க பதிவும் ஒத்துப்போகலைன்னா கூடுதல் கேள்வி, கூடுதல் தாமதம்.

அதனால ஒரு எக்செல் ஷீட் போதும். கிளம்பின தேதி, வந்த தேதி, போன நாடு, காரணம், நாலு காலம். போர்டிங் பாஸையும் டிக்கெட் மெயிலையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. ஏற்கெனவே தேதி தொலைஞ்சு போனவங்க எல்லைச் சேவை முகமைகிட்ட தங்களோட பயண வரலாற்றைக் கேட்டு வாங்கலாம். குடிவரவுத் துறையோட இணையதளத்துல ஃபிசிக்கல் ப்ரெசன்ஸ் கால்குலேட்டர் இலவசமா இருக்கு. தேதிகளை உள்ளிட்டா அதுவே கூட்டிக் கழிச்சுக் காட்டும். அமெரிக்கா போன வார இறுதிப் பயணங்களை மறக்காம போடுங்க. பெரும்பாலும் விட்டுப்போறது அதுதான்.

விண்ணப்பத்துக்கு முன்னாடியும் பின்னாடியும்

1,095 வந்த மறுநாளே ஓடிப் போய் கையெழுத்து போட வேண்டாம். ஒரே ஒரு தேதி தப்பாகி ரெண்டு நாள் குறைஞ்சாலும் மொத்தமும் போச்சு. ரெண்டு மூணு வாரம் கூடுதலா சேர்த்துட்டுப் போடுங்க. கார்த்திக் ஜூன் 8-க்குப் பதிலா ஜூன் கடைசியில போட்டா நிம்மதி. அதுக்காக ரொம்பவும் தள்ளக்கூடாது. ஒர்க் பெர்மிட் காலத்து அரை நாட்களை நம்பி இருக்கிறவங்களுக்கு அந்த நாட்கள் எப்போ உதிர ஆரம்பிக்கும்னு தெரிஞ்சிருக்கணும். கார்த்திக்குக்கு அது 2026 ஜனவரி.

நாள்கணக்கோட வருமான வரியும் சேர்ந்து வரும். அந்த அஞ்சு வருஷத்துல, சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டியவங்க குறைஞ்சது மூணு வரி ஆண்டுகளுக்கு கனடாவுல தாக்கல் செஞ்சிருக்கணும். நீண்ட நாள் ஊர்ல இருந்த வருஷத்துல இதை விட்டுடறவங்க உண்டு. இந்தியப் பக்கமும் ஒரு மீட்டர் இருக்கு. ஒரு நிதியாண்டுல 182 நாளோ அதுக்கு மேலயோ இந்தியாவுல இருந்தா வரிக்கு நீங்க இந்தியாவுல ரெசிடென்ட். கார்த்திக் 2024 ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் மட்டுமே 240 நாளுக்கு மேல மதுரையில இருந்திருக்கார். அந்த வருஷத்துக்கு கனடா சம்பளம் உட்பட எல்லாத்தையும் இந்தியாவுல காட்ட வேண்டிய நிலைமை. ஒரே வருமானத்துக்கு ரெண்டு இடத்துல வரி கட்டாம இருக்க ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு. அதுக்கு ஒரு ஆடிட்டரைப் பார்த்துடறது நல்லது.

விண்ணப்பம் போட்ட பிறகு வெளிநாடு போகலாம், தடை இல்லை. ஜன்னல் விண்ணப்பத் தேதியோட உறைஞ்சு போயிடும், அதுக்கப்புறம் 1,095 குறையாது. ஆனா உறுதிமொழி எடுக்கிற நாள் வரைக்கும் நீங்க பி.ஆர்தான், 730 மீட்டர் ஓடிட்டேதான் இருக்கும். தேர்வுக்கும் உறுதிமொழிக்கும் அழைப்பு வந்தா பதில் சொல்ற நிலைமையில இருக்கணும்.

எல்லாருக்கும் குடியுரிமை வேணுமா?

கனடா பாஸ்போர்ட் வாங்கிட்டா நாள்கணக்குத் தொல்லை முடிஞ்சது. பத்து வருஷம் மதுரையில இருந்துட்டுப் போனாலும் உள்ளே விடுவாங்க. ஆனா இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏத்துக்கறதில்லை. வேற நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கின உடனே இந்தியக் குடியுரிமை போயிடும், இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைச்சே ஆகணும். பதிலுக்கு ஓ.சி.ஐ கார்டு வாங்கலாம். அதை வச்சு விசா இல்லாம வரலாம், வேலை பார்க்கலாம், வீடு ஃபிளாட் வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையா வர்ற நிலத்தை வச்சுக்கலாம்.

அதனால ஊர்ல தோட்டம் வாங்கி செட்டில் ஆகணும்னு திட்டம் இருக்கிறவங்க பி.ஆரோட நிக்கறதுல அர்த்தம் இருக்கு. ஆனா அவங்க ஆயுசு முழுக்க 730-ஐப் பார்த்துட்டே இருக்கணும். பெற்றோருக்காக நீண்ட நாள் ஊர்ல இருக்க வேண்டி வரும்னு தெரிஞ்சவங்களுக்கு குடியுரிமைதான் அந்தச் சுதந்திரத்தைக் கொடுக்குது. எது உங்களுக்குன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா முடிவு பண்ற வரைக்கும் ரெண்டு மீட்டரையும் ஓட விடுங்க, எதையும் கவனிக்காம விட்டுடாதீங்க.

இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, கனடா வந்ததுல இருந்து உங்க எல்லாப் பயணத் தேதியையும் அந்த ஷீட்ல ஏத்துங்க. கடைசியில ரெண்டு எண் எழுதுங்க: 730-க்கு எவ்வளவு மேல இருக்கீங்க, 1,095-க்கு எவ்வளவு கீழ இருக்கீங்க. அடுத்த தடவை ஊருக்கு டிக்கெட் போடும்போது விலையோட சேர்த்து அந்த ரெண்டு எண்ணையும் பார்த்துட்டுப் போடுங்க.